ஒரு அறைச் சுவருக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை, எவ்வளவு மணல்?

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள் அளவு 10 அடிக்கு 12 அடி. சுவர் 9 இஞ்ச் கனம், தரைமட்டத்துக்கு மேலே கான்கிரீட் கூரையின் அடிவரை 10 அடி உயரம். 3 அடிக்கு 7 அடியில் ஒரு கதவு, 4 அடிக்கு 4 அடியில் இரண்டு ஜன்னல். அஸ்திவாரம், கூரை, பூச்சு எதையும் இப்போது சேர்க்கவில்லை. வெறும் செங்கல் சுவர் மட்டும். இதற்கு என்னென்ன இறக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். தேவையானவை ஒரு டேப், ஒரு காகிதம், கடையில் இருந்து கொண்டுவந்த பத்துச் செங்கல்.

பத்துச் செங்கல் எதற்கு என்றால், முழுக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. புத்தகங்களில் ஒரு கன மீட்டர் கட்டுக்கு 500 கல் என்று போட்டிருக்கும். அது 19 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் உள்ள கல்லுக்கான கணக்கு. தமிழ்நாட்டுச் சூளைகளில் இருந்து நமக்கு வரும் சேம்பர் கல் அந்த அளவில் இருப்பதில்லை. "9 × 4½ × 3" என்று வாயால் சொல்வார்கள். ஆனால் டேப் வைத்துப் பார்த்தால் 8¾ இருக்கும், 8½ இருக்கும், சூளைக்குச் சூளை மாறும். ஆகவே வேறு யாரோ சொன்ன எண்ணிக்கையை எடுக்காமல், உங்கள் கல்லை அளந்து உங்கள் எண்ணிக்கையைக் கண்டுபிடியுங்கள்.

கல்லை அளப்பது

ஒரே ஒரு கல்லை அளக்காதீர்கள். சமதரையில் பத்துக் கல்லை நீளவாக்கில் ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். அப்புறம் அதே பத்தை அகலவாக்கில் வைத்து அளங்கள். கடைசியாக ஒன்றின்மேல் ஒன்றாக, ஐந்து ஐந்தாக அடுக்கி உயரத்தைப் பாருங்கள். இப்படி அளந்து 8¾ இஞ்ச் நீளம், 4¼ இஞ்ச் அகலம், 2¾ இஞ்ச் உயரம் என்று சராசரி வந்ததாக எடுத்துக்கொள்கிறேன். சேம்பர் கல்லில் இது வழக்கமாகக் காணும் அளவுதான்.

சுவரில் கல் தனியாக உட்கார்வதில்லை, சுற்றிலும் கலவையோடு உட்கார்கிறது. இடையில் வரும் கலவைக் கனம் 10 மி.மீ. இருப்பது நல்ல வேலை. நடைமுறையில் கற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கோணலாக இருப்பதால் அரை இஞ்ச் வந்துவிடும். அரை இஞ்சையே வைத்துக் கணக்குப் போட்டால் கலவை குறைந்துபோகாது. அந்த அரை இஞ்சைச் சேர்த்தால், சுவரின் முகத்தில் நீளவாக்கில் கிடக்கும் ஒரு கல் 9¼ இஞ்ச் நீளமும் 3¼ இஞ்ச் உயரமும் உள்ள இடத்தை எடுத்துக்கொள்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 30 சதுர இஞ்ச். ஒரு சதுர அடியில் 144 சதுர இஞ்ச் இருக்கிறது. 144-ஐ 30-ஆல் வகுத்தால் 4.8.

அதாவது ஒற்றைக் கல் கனமுள்ள நாலரை இஞ்ச் சுவரில் ஒரு சதுர அடிக்கு 4.8 கல். 9 இஞ்ச் சுவர் என்பது பக்கத்தில் பக்கமாக இரண்டு கல், அதனால் 9.6. கொத்தனார் ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்த வரிசையைக் குறுக்காகவும் வைத்துப் பிணைப்பார். எப்படி வைத்தாலும் எண்ணிக்கை இதையொட்டியே வரும். "9 இஞ்ச் சுவருக்குச் சதுர அடிக்குப் பத்துக் கல்" என்று மேஸ்திரிமார் சொல்வதும் இதே எண்தான், உடைசலையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

உங்கள் கல் வேறு அளவாக இருந்தால் இந்த ஒரு படியை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். மற்றதெல்லாம் அப்படியே.

சுவரின் பரப்பு

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். அறையின் உள் அளவைச் சுற்றிக் கூட்டினால் 10 + 12 + 10 + 12, ஆக 44 அடி. வெளி அளவைச் சுற்றிக் கூட்டினால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சுவர்க் கனம், அதாவது ஒன்றரை அடி கூடி, 50 அடி. இரண்டும் தவறு. உள் அளவில் நான்கு மூலைகள் விட்டுப்போகின்றன, வெளி அளவில் அதே மூலைகள் இரண்டு முறை எண்ணப்படுகின்றன.

நானும் முதன்முதலில் வெளிச்சுற்றைத்தான் எடுத்தேன். வரைபடத்தில் அந்த அளவுதான் கண்ணில் படும்படி எழுதியிருந்தது. வேலை முடிந்தபோது முந்நூறு கல்லுக்குப் பக்கமாக வாசலில் மிஞ்சிக் கிடந்தது. எங்கே போயிற்று கணக்கு என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் மூலைகளில்தான் இருந்தது.

சரியான வழி, சுவரின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிவருவது. உள் அளவோடு ஒரு சுவர்க் கனத்தைக் கூட்டினால் நடுக்கோட்டு அளவு கிடைக்கும். 10 அடி 9 இஞ்ச், 12 அடி 9 இஞ்ச். இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 47 அடி. உயரம் 10 அடி என்பதால் 470 சதுர அடி.

இதிலிருந்து திறப்புகளைக் கழிக்க வேண்டும். கதவு 21, ஜன்னல்கள் 32, மொத்தம் 53 சதுர அடி. அடுத்து லிண்டல், கதவு ஜன்னல்களுக்கு மேலே சுமையைத் தாங்கப் போடும் கான்கிரீட் பட்டை. நம் பக்கத்தில் பெரும்பாலும் சுற்றிலும் ஓடும்படி 6 இஞ்ச் உயரத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள், அந்த உயரத்தில் செங்கல் கிடையாது. 47 அடிக்கு அரை அடி வீதம் 23½ சதுர அடி. கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 394 சதுர அடி. லிண்டல் திறப்புகளுக்கு மேல் மட்டும்தான் என்றால் அந்த நீளத்துக்கு மட்டும் கழியுங்கள்.

செங்கல்

394-ஐ 9.6-ஆல் பெருக்கினால் சுமார் 3,780 கல். இது சுவருக்குள் போகிற எண்ணிக்கை. லாரியில் இருந்து இறக்கும்போது உடைவது, மூலைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் வெட்டும்போது வீணாவது என்று 5 சதவீதம் சேர்த்தால் 3,970. ஆகவே 4,000 கல்.

நல்ல கல்லாக இருந்தால் 5 சதவீதம் தாராளம். சரியாக வேகாத கல்லாக இருந்தால் பத்துகூடப் போதாது. இரண்டு கல்லைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வர வேண்டும். மந்தமான சத்தம் வந்தால், அந்த லோடில் உடைசல் அதிகம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடு வந்ததும் அடுக்கச் சொல்லி எண்ணுங்கள். குவியலாகக் கொட்டினால் எண்ணவும் முடியாது, ஓரம் உடைவதும் அதிகம்.

கலவை

சுவரின் மொத்தக் கன அளவில் கற்களின் கன அளவைக் கழித்தால் மிச்சம் இருப்பது கலவை. இவ்வளவுதான் தத்துவம்.

394 சதுர அடியை முக்கால் அடியால் பெருக்கினால் 295 கன அடி, இது சுவர். ஒரு கல்லின் கன அளவு 8¾ × 4¼ × 2¾, சுமார் 102 கன இஞ்ச். 3,780 கல்லுக்கும் சேர்த்துப் பார்த்து, 1,728-ஆல் வகுத்து கன அடி ஆக்கினால் 223. ஆக, கலவைக்கு மிஞ்சுவது 72 கன அடி.

இதில் பலர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. சேம்பர் கல்லின் ஒரு பக்கத்தில் சூளையின் எழுத்துப் பதிந்த பள்ளம் இருக்கும். கொத்தனார் பள்ளம் மேலே பார்க்கும்படி கல்லை வைப்பார், அடுத்த வரிசைக் கலவை அதை நிரப்பும். 4 இஞ்ச் நீளம், 2 இஞ்ச் அகலம், 3 நூல் ஆழம், அதாவது இஞ்சில் எட்டில் மூன்று பங்கு என்று வைத்தாலும் ஒரு கல்லுக்கு 3 கன இஞ்ச் கலவை உள்ளே போகிறது. ஒரு கல்லில் பார்த்தால் ஒன்றுமில்லை. மூவாயிரத்துச் சொச்சம் கல்லில் அது ஆறரைக் கன அடி. ஆக 78½. கரணையில் இருந்து கீழே விழுவது, சாயங்காலம் சட்டியில் காய்ந்துபோவது என்று 10 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 86 கன அடி ஈரக் கலவை.

ஈரக் கலவையில் இருந்து காய்ந்த பொருளுக்கு

86 கன அடி கலவைக்கு 86 கன அடி சிமெண்டும் மணலும் போதாது. மணல் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. தண்ணீர் விட்டுக் கிளறும்போது சிமெண்ட் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி. அதோடு ஆறு மடங்கு மணல், ஏழரைக் கன அடி சேர்த்தால் எட்டேமுக்கால் ஆக வேண்டும். ஆனால் கலக்கி முடித்தபின் ஆறரைக் கன அடி அளவுக்குத்தான் கலவை நிற்கும். அதனால் ஈரக் கலவையின் அளவை 1.33-ஆல் பெருக்கிக் காய்ந்த பொருளின் அளவை எடுக்கிறோம். 86.4 × 1.33, சுமார் 115 கன அடி.

9 இஞ்ச் சுவருக்கு 1:6 கலவை வழக்கம். ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல், மொத்தம் ஏழு பங்கு. 115-ஐ ஏழால் வகுத்தால் ஒரு பங்கு 16.4 கன அடி. இது சிமெண்ட். ஒன்றேகாலால் வகுத்தால் 13 மூட்டைக்குச் சற்று மேல், 14 என்று எழுதிக்கொள்ளுங்கள். மணல் ஆறு பங்கு, 98 கன அடி. தமிழ்நாட்டில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆகவே ஒரு யூனிட் எம் சாண்ட்.

நினைவில் வைக்க எளிதாக வேண்டுமானால், இந்த அளவுக் கல்லில் 9 இஞ்ச் சுவர் 100 சதுர அடிக்கு உடைசலோடு 1,000 கல், 3⅓ மூட்டை, 25 கன அடி மணல்.

நாலரை இஞ்ச் சுவருக்கு இதைப் பாதியாக்கினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். கல்லுக்கு அது சரி, கலவைக்குச் சரியில்லை. 9 இஞ்ச் சுவரின் நடுவே இரண்டு கல்லுக்கும் இடையில் ஒரு கலவைப் பட்டை ஓடுகிறது, ஒற்றைக் கல் சுவரில் அது கிடையாது. ஆகவே கலவை பாதிக்கும் குறைவாகவே ஆகும். ஆனால் மெல்லிய சுவர் என்பதால் 1:4 கலவை போடுவார்கள், சிமெண்ட் விகிதம் ஏறிவிடும். கணக்குப் போட்டால் 100 சதுர அடிக்கு 500 கல், 2 மூட்டைக்குச் சற்றுக் குறைவு, 9 கன அடி மணல் என்று வருகிறது.

மணலின் ஈரம்

கணக்கு சரியாக இருந்தும் மணல் போதாமல் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். லேசாக ஈரமான மணல் உப்பிக்கொள்ளும். துகளைச் சுற்றி நிற்கும் தண்ணீர்ப் படலம் துகள்களைத் தள்ளித் தள்ளி வைக்கும். நாலில் ஒரு பங்குவரை அளவு கூடித் தெரியலாம். லாரித் தொட்டியில் அளந்த 100 கன அடி உண்மையில் 80 ஆகத்தான் இருக்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். நேரான பக்கங்களுள்ள ஒரு கண்ணாடிக் குவளையில் வந்திறங்கிய மணலை அழுத்தாமல் மூன்றில் இரண்டு பங்கு போட்டு உயரத்தை ஸ்கேலால் அளங்கள். 20 செ.மீ. என்று வைப்போம். மணலை ஒரு தாளில் கொட்டிவிட்டு, குவளையில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலை மறுபடி அதில் போட்டு ஒரு குச்சியால் நன்றாகக் கிளறி அடங்க விடுங்கள். முழுக்க நனைந்த மணல் உப்பியிருக்காது. இப்போது உயரம் 16 செ.மீ. என்றால், 16-க்கு 4 கூடுதலாக உப்பியிருந்தது, அதாவது 25 சதவீதம். அப்படிப்பட்ட மணலில் நம் 98 கன அடி கிடைக்க 122 கன அடி இறக்க வேண்டும், ஒன்றேகால் யூனிட்.

கலக்கும் இடத்திலும் இதே சிக்கல் உண்டு. உப்பிய மணலில் ஆறு பங்கு அளந்து போட்டால் உண்மையில் ஐந்துக்கும் குறைவாகத்தான் போகிறது. சுவர் கெட்டியாகத்தான் வரும், ஆனால் சிமெண்ட் மூட்டை கணக்கைத் தாண்டிக் காலியாகும். அளப்பதற்கு ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள், உள் அளவு ஒரு அடிக்கு ஒரு அடி, 15 இஞ்ச் உயரம். அது சரியாக ஒன்றேகால் கன அடி, ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சமம். ஒரு மூட்டைக்கு ஆறு பெட்டி, மேலே குவிக்காமல் கட்டையால் வழித்து. மணல் 25 சதவீதம் உப்பியிருந்தால் ஏழரைப் பெட்டி. இரும்புச் சட்டியில் எண்ணிப் போடும்போது ஒருவர் குவித்துப் போடுவார், இன்னொருவர் தலை தட்டிப் போடுவார், கலவை நேரத்துக்கு நேரம் மாறும்.

மணல் லாரி வந்ததும் கொட்டுவதற்கு முன்னால் தொட்டியின் உள் நீளம், அகலம் அளங்கள். உயரத்துக்கு ஒரு கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் குத்தி ஐந்து அளவின் சராசரியை எடுங்கள். நடுவில் மட்டும் குத்தினால் குவியலின் உச்சியைத்தான் அளக்கிறீர்கள். தொட்டியின் அடியில் உயர்த்திய பலகை இருக்கலாம், அதனால் வெளிப்பக்க உயரத்தை எடுக்க வேண்டாம்.

பூச்சைத் தனியாகப் போடுங்கள்

பூச்சுக்கு வேறு மணல், பி சாண்ட். கட்டு வேலைக்கு வந்த எம் சாண்டோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதிவிடக் கூடாது. உட்பக்கம் அரை இஞ்ச், 1:5 கலவை என்றால் 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை சிமெண்ட், 6 கன அடி பி சாண்ட். சுவரின் மேடுபள்ளத்தை நிரப்ப நாலில் ஒரு பங்கு சேர்த்துத்தான் இந்த அளவு. வெளிப்பக்கம் முக்கால் இஞ்ச் போட்டால் ஒன்றரை மூட்டை, 9 கன அடி. 9 இஞ்ச் சுவரில் கொத்தனார் நூல் கட்டிய பக்கம் சமமாக வரும். கற்கள் நீளத்தில் கூடக்குறைய இருப்பதால் மறுபக்கம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், அங்கே பூச்சு கூடுதலாகப் பிடிக்கும். கட்டு முடிந்து, அந்தப் பக்கத்தில் நேர்கட்டை வைத்துப் பார்த்த பிறகு பூச்சுக்கான சிமெண்டைச் சொல்லுங்கள். முன்கூட்டியே வாங்கி அடுக்கினால் ஈரம் ஏறிக் கட்டிதட்டும்.

முதல் நாள் சாயங்காலம்

14 மூட்டையையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முதலில் ஆறு இறக்குங்கள். முதல் நாள் வேலை முடிந்ததும் எவ்வளவு பரப்பு எழும்பியிருக்கிறது என்று டேப் பிடியுங்கள். 50 சதுர அடி என்றால் 480 கல்லும் ஒன்றே முக்கால் மூட்டைக்குள் சிமெண்டும் போயிருக்க வேண்டும். இரண்டு மூட்டையைத் தாண்டியிருந்தால் காரணம் இரண்டில் ஒன்று, மணல் குறைவாகப் போகிறது அல்லது வரிசைகளுக்கு நடுவில் கலவை கனமாகப் போகிறது.

இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம். பத்து வரிசையின் உயரத்தை அளங்கள். 2¾ இஞ்ச் கல்லும் அரை இஞ்ச் கலவையும் சேர்ந்து ஒரு வரிசை 3¼ இஞ்ச், பத்து வரிசைக்கு 32½. டேப்பில் 35 காட்டினால் வரிசைக்கு வரிசை முக்கால் இஞ்ச் கலவை போகிறது. அதே வேகத்தில் போனால் மொத்தக் கலவை ஐந்தில் ஒரு பங்கு கூடும். 14 மூட்டை 16 ஆகும், கல் கொஞ்சம் மிஞ்சும். கலவை கனமாகப் போனால் சுவரின் பலமும் குறையும், வேலை மட்டம் தவறுவதற்கும் வழி. மறுநாள் காலை கொத்தனாரிடம் அந்த 35-ஐக் காட்டி, "அண்ணே, பத்து வரிசை 33-க்குள்ள நிக்கணும்" என்று சொல்லுங்கள். கல் கோணலாக இருப்பதால்தான் கலவை கூடுகிறது என்று அவர் சொன்னால், ஒரு கல்லை எடுத்து அவரோடு சேர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாக இருக்கும். அப்போது மாற்ற வேண்டியது அடுத்த லோடின் கல்லை. அதுவரை மீதிச் சுவருக்கு, முதல் நாள் உண்மையில் ஆன எண்களை வைத்தே மிச்சப் பொருளைச் சொல்லி அனுப்புங்கள்.